ஒரு வாடிக்கையாளர், நான்கு சிறு பதிவுகள்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒருவர் ஈ.ஆர்.பி. மென்பொருள் வாங்கலாம் என்று நினைக்கிறார். நூல் கொள்முதல் முதல் ஷிப்மென்ட் வரை, கணக்கு உட்பட, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க உதவும் மென்பொருள் அது. நினைத்த மாதத்திலேயே அவர் வாங்கிவிட மாட்டார். ஒரு டெமோ பார்ப்பார். மகன் படித்துவிட்டு வந்து தொழிலில் உட்கார்ந்திருந்தால் அவருக்காக இரண்டாவது டெமோ நடக்கும். கொட்டேஷன் வரும், பேரம் நடக்கும். மார்ச் மாதம் கணக்கு முடிக்கும் நேரம் என்று தள்ளிப்போகும், தீபாவளி போனஸ் முடியட்டும் என்று மறுபடி தள்ளிப்போகும். இதற்குள் எட்டு மாதம் ஓடிவிடும். ஒன்றரை வருடம் ஆவதும் உண்டு.

அத்தனை மாதங்களில் மென்பொருள் நிறுவனத்தின் விற்பனையாளர் அவர் முன்னால் உட்கார்ந்து பேசிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு முழு நாள் வேலை நேரம்கூட வராது. மீதி நேரமெல்லாம் முடிவு வேறு இடங்களில் உருவாகிறது. அக்கவுண்ட்ஸ் அறையில், ஆடிட்டர் அலுவலகத்தில், ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளும்போது. அங்கெல்லாம் விற்பனையாளரால் போக முடியாது. யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்யும் பத்துப் பதினைந்து வரிச் செய்தி போகும். வாடிக்கையாளர் ஒருவரின் அனுபவத்தைச் சொல்லும் சிறு பதிவுக்கு, அதாவது இந்தத் துறையினர் கேஸ் போஸ்ட் என்று சொல்வதற்கு, உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது. லிங்க்ட்இன்னில் எத்தனை பேர் லைக் போட்டார்கள் என்பது அதற்கு அடுத்த விஷயம்.

பெரும்பாலான நிறுவனங்களிடம் இதற்கான சரக்கு ஏற்கெனவே இருக்கிறது. எட்டுப் பக்க பி.டி.எஃப். ஒன்று இருக்கும். முதல் பக்கத்தில் வாடிக்கையாளரின் லோகோவும் கட்டடத்தின் படமும். பிறகு 'சவால்கள்', 'தீர்வு', 'பலன்கள்' என்று மூன்று தலைப்பு. கடைசியில் நிர்வாக இயக்குநர் சொன்னதாக நான்கு வரிப் பாராட்டு. சிறு பதிவு வேண்டும் என்றதும் இந்த எட்டுப் பக்கத்தை யாரிடமாவது கொடுத்து 150 சொல்லில் சுருக்கித் தரச் சொல்கிறார்கள். சுருக்கினால் முதலில் விழுவது விவரங்கள். எந்தப் பட்டறை, எந்த டி.சி., எத்தனை நாள் என்பதெல்லாம் போய், 'சிறப்பான', 'முழுமையான', 'தடையற்ற' ஆகிய சொற்கள் மட்டும் மிஞ்சும். ஆகவே சுருக்கக் கூடாது, பிரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு வாடிக்கையாளரின் அனுபவத்திலிருந்து மூன்று நான்கு பதிவுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு ஆளின் ஒரே ஒரு சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சந்தேகங்கள் ஆளுக்கு ஆள் வேறு. போட்ட பணம் எந்த வழியில் திரும்பும், பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது என்பது முதலாளியின் கவலை. அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கோ டேலியில் இருக்கும் பல வருடக் கணக்கு என்னவாகும் என்று. தினமும் இன்னொரு என்ட்ரி வேலை தன் தலையில் விழுமோ என்று மெர்ச்சன்டைசர் நினைப்பார். டையிங்குக்குத் துணி அனுப்பும் இடத்தில் கம்ப்யூட்டர் முன் யார் உட்காருவார்கள் என்று ஃபேக்டரி மேனேஜர் கேட்பார். ஆடிட்டருக்கு வேறு கேள்விகள். இத்தனை பேரில் ஒருவர் மனமில்லாமல் இருந்தாலும் ஆர்டர் அடுத்த வருடத்துக்குப் போய்விடும். ஆனால் அவர்களில் பலர் தங்கள் சந்தேகத்தை டெமோவில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு நிறுவனத்தை வைத்து இதைப் பார்க்கலாம். விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட உதாரணம் இது. ஆனால் இதில் வரும் சிக்கல்கள் எல்லாம் பின்னலாடைத் தொழிலில் உள்ளவர்களுக்குப் பழகியவைதான். 180 தையல் மெஷின் உள்ள ஒரு ஏற்றுமதி நிறுவனம். நூல் வாங்கி வெளியே நிட்டிங்குக்குக் கொடுக்கிறார்கள். பின்னிய துணி சாயப்பட்டறைக்குப் போகிறது, அங்கிருந்து காம்பாக்டிங்குக்கு. திரும்பி வந்த பிறகுதான் கட்டிங்கும் தையலும் சொந்த இடத்தில் நடக்கின்றன. துணி வாசலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் டெலிவரி சலான், அதாவது டி.சி., போட வேண்டும்.

இவர்களுடைய பெரிய வலி, ஒரு ஆர்டரில் லாபமா நட்டமா என்பது ஷிப்மென்ட் போய் 40 நாள் கழித்தே தெரிந்தது. காரணம் சோம்பல் இல்லை. சாயப்பட்டறைக்காரர் மாதம் முடிந்து பில் அனுப்புவார். அந்த ஒரு பில்லில் ஐந்தாறு ஆர்டரின் துணி கலந்திருக்கும், ஆர்டர் எண் இருக்காது. அக்கவுண்ட்ஸில் ஒருவர் டி.சி. புத்தகத்தை எடுத்துவைத்து, எடையைப் பார்த்து, பில்லைப் பிரித்துப் பிரித்து ஆர்டர் வாரியாக எழுதுவார். அதற்குள் அதே வாடிக்கையாளரின் அடுத்த ஆர்டருக்கு விலை சொல்லியாகிவிடும், பழைய ஆர்டரில் கையைக் கடித்தது தெரியாமலே.

மென்பொருள் வந்தபின் மாறியது சின்ன விஷயம்தான். டி.சி. போடும்போதே ஆர்டர் எண்ணையும் முன்னரே பேசி முடித்த கூலியையும் பதிவு செய்துவிடுகிறார்கள். துணி திரும்பி வந்து எடை போட்ட அன்றே அந்தச் செலவு அந்த ஆர்டரின் கணக்கில் ஏறிவிடும். பில் பின்னால் வந்தால் சரிபார்க்க மட்டும்தான். இந்த ஒரு மாற்றத்தைப் புரிந்துகொள்ளாமல் பதிவு எழுத உட்கார்ந்தால் பயனில்லை. எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது எப்படி நடந்தது என்று ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால் தொழில் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

இந்த விவரங்களை எப்படி வாங்குவது? 'எங்க சாஃப்ட்வேர் எப்படி இருக்குங்க சார்?' என்று கேட்டால் 'நல்லா இருக்குங்க' என்றுதான் பதில் வரும். மரியாதைக்குச் சொல்வது அது, எழுத உதவாது. கடைசியாக நடந்த ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைக் கேட்க வேண்டும். 'போன சீசன்ல எந்த ஆர்டருக்குக் கட்டிங்ல துணி குறைஞ்சதுங்க? அன்னிக்கு முதல்ல யாருக்கு போன் போட்டீங்க?' இப்படிக் கேட்டால் ஆள், நாள், எடை என்று விவரமாக வரும். முதலாளி, அக்கவுண்ட்ஸ், ஸ்டோர் என்று மூன்று பேரிடம் தனித்தனியாக அரைமணி நேரம் பேசினால் போதும். தனித்தனியாக என்பது முக்கியம். முதலாளி முன்னால் ஸ்டோர்காரர் எல்லாமே சுலபமாக இருந்தது என்பார். தனியாகக் கேட்டால் முதல் இரண்டு மாதம் நோட்டிலும் கம்ப்யூட்டரிலும் இரண்டு முறை எழுதியதைச் சொல்வார்.

எல்லாக் கேள்விகளையும்விட நான் மதிக்கும் கேள்வி ஒன்று உண்டு. 'வாங்கலாம்னு முடிவு பண்ண ஒன்பது மாசம் ஆச்சே, எதனாலங்க தள்ளிப் போட்டீங்க?' இதற்கு வரும் பதில்தான் அடுத்த வாடிக்கையாளரின் மனதில் இன்று ஓடிக்கொண்டிருக்கும் சந்தேகம். 'முன்னாடி ஒரு கம்பெனிக்காரங்ககிட்ட அட்வான்ஸ் குடுத்து, போட்ட பையன் வேலைய விட்டுப் போயி, அப்படியே நின்னுபோச்சுங்க' என்று அவர் சொன்னால், அங்கே ஒரு பதிவின் தலைப்பு கிடைத்துவிட்டது. அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தால் இது கிடைக்காது.

முந்தைய நிலையின் எண்

எண்ணுக்கு வருவோம். பதிவுகள் பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். 'இப்போது 5 நாள்' என்பதைக் கணினியில் பார்த்துவிடலாம். 'முன்பு 40 நாள்' என்பதை எங்கே பார்ப்பது? மென்பொருள் ஓடத் தொடங்கி ஒரு வருடம் ஆனபின் கேட்டால் ஒருவர் ஒரு மாதம் என்பார், இன்னொருவர் மூன்று மாதம் என்பார். நினைவு அப்படித்தான் இருக்கும். ஆகவே முந்தைய நிலையை ஆரம்பத்திலேயே குறித்துவைக்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல சந்தர்ப்பம் தானாகவே வருகிறது. மென்பொருளை அமைக்க வரும் கன்சல்டன்ட் முதல் வாரங்களில், இப்போது வேலை எப்படி நடக்கிறது என்று ஒவ்வொரு பிரிவாகக் கேட்டு எழுதுவார். ஆஸ்-ஈஸ் ஸ்டடி என்பார்கள். அந்த ஆவணத்தில் நான்கைந்து எண்களைக் கூடுதலாக எழுதச் சொன்னால் போதும். கடைசியாக முடிந்த ஐந்து ஆர்டர்களின் ஷிப்மென்ட் தேதி என்ன, கணக்கு முடிந்த தேதி என்ன? டி.சி. போடப்பட்டுத் திரும்பாத துணி எத்தனை கிலோ? இவற்றைக் குறித்துவைத்தால் ஒரு வருடம் கழித்து யாருடைய நினைவையும் நம்ப வேண்டாம்.

நம் உதாரணத்தில் பழைய ஐந்து ஆர்டர்களுக்குக் கணக்கு முடிக்க ஆன நாட்கள் 35, 42, 40, 38, 95 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 50. ஆனால் 95 நாள் ஆன ஆர்டரில் வெளிநாட்டு வாடிக்கையாளர் தரக் குறைவு என்று கிளெய்ம் போட்டு, அது பேசி முடியத் தாமதமானது. அதற்கும் மென்பொருளுக்கும் சம்பந்தமில்லை. எண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 40 வருகிறது, அதுதான் வழக்கமான நிலையைச் சொல்லும். புதிய முறையில் முடிந்த ஐந்து ஆர்டர்கள் 4, 3, 6, 5, 12 நாள். சராசரி 6, நடு எண் 5. ஆகவே '40 நாள், இப்போது 5 நாள்' என்று எழுதலாம். 50லிருந்து 6 என்று எழுதினாலும் பொய் இல்லை, ஆனால் கிளெய்மால் வந்த தாமதத்தையும் மென்பொருள் தீர்த்ததாக ஆகிவிடும்.

இன்னொரு பிசகு சதவீதம். 50 நாள் 6 நாளானால் நேரம் 88 சதவீதம் குறைந்திருக்கிறது. இதை மார்க்கெட்டிங்கில் ஒருவர் 'செயல்திறன் 88% உயர்வு' என்று மாற்றுவார். இரண்டும் ஒன்றல்ல. நேரம் குறைந்தது ஒரு வேலையில் மட்டும்தான், நிறுவனம் முழுவதிலும் அல்ல. படிக்கும் முதலாளிக்கு 88 சதவீதம் என்பதை எதோடும் ஒப்பிட முடியாது. 40 நாள் என்றால் தன் கணக்கு எத்தனை நாளில் முடிகிறது என்று உடனே ஒப்பிட்டுப் பார்ப்பார். சிறு பதிவுகளில் சதவீதத்தை முடிந்தவரை தவிர்த்து நாள், கிலோ, ரூபாய் என்று எழுதுவதே நல்லது.

எண்ணை நம்புவதற்கு முன் இன்னும் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். இதே காலத்தில் வேறு என்ன மாறியது? நம் நிறுவனம் அதே வருடம் சாயப்பட்டறைகளின் எண்ணிக்கையைப் பதினொன்றிலிருந்து நான்காகக் குறைத்தது என்று வைத்துக்கொள்வோம். பட்டறை குறைந்தால் பில்லும் குறையும், குழப்பமும் குறையும். 40 நாள் 5 நாளானதில் இதற்கும் பங்கு உண்டு. இதைப் பதிவில் ஒரு வரியாகச் சொல்லிவிட வேண்டும் என்பேன். விற்பனையாளருக்குப் பிடிக்காது, நம் பெருமையை நாமே குறைப்பதா என்பார். ஆனால் திருப்பூரில் யார் எந்தப் பட்டறையில் துணி போடுகிறார்கள் என்பது ரகசியமா? படிப்பவருக்குத் தெரிந்த உண்மையை மறைத்தால் மீதி வரிகளையும் அவர் நம்ப மாட்டார்.

எப்போது பேட்டி எடுப்பது என்பதிலும் பலர் அவசரப்படுகிறார்கள். மென்பொருள் ஓடத் தொடங்கிய வாரத்தில் எல்லோரும் களைத்திருப்பார்கள், பலன் எதுவும் இன்னும் வந்திருக்காது. அப்போது படம் எடுத்து, கேக் வெட்டிப் போடும் பதிவு வாழ்த்துச் செய்திதான். குறைந்தது சில ஆர்டர்கள் நூல் கொள்முதலில் தொடங்கி ஷிப்மென்ட் வரை புதிய முறையிலேயே போய் முடிந்திருக்க வேண்டும். பின்னலாடையில் அதற்கே நான்கைந்து மாதம் ஆகும். ஆடிட்டர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் ஒரு மார்ச் 31 தாண்டியிருக்க வேண்டும்.

முதலாளிக்கு ஒரு பதிவு

இத்தனை விவரமும் கையில் இருக்கிறது. முதலில் வழக்கமாக வரும் பதிவைப் பாருங்கள்:

'முன்னணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்று எங்கள் அதிநவீனத் தீர்வின் மூலம் தன் செயல்பாடுகளை முழுமையாக மாற்றியமைத்துள்ளது. செயல்திறன் 88% உயர்ந்துள்ளது. நீங்களும் இன்றே எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்.'

எந்தத் தொழிலில் உள்ள எந்த நிறுவனத்துக்கும் இது பொருந்தும். அதனால்தான் யாரும் இதை இன்னொருவருக்கு அனுப்புவதில்லை. அதே நிறுவனத்தைப் பற்றி, முதலாளிக்காக மட்டும் எழுதப்பட்ட பதிவு இப்படி இருக்கலாம்:

'ஷிப்மென்ட் போன பிறகு, அந்த ஆர்டரில் லாபமா நட்டமா என்று தெரிய உங்களுக்கு எத்தனை நாள் ஆகிறது?

180 தையல் மெஷின் உள்ள ஒரு திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தில் அது 40 நாளாக இருந்தது. டையிங் பில் வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்தாலும் பில்லில் ஆர்டர் எண் இருக்காது.

இப்போது டி.சி. போடும்போதே ஆர்டர் எண்ணும் பேசிய கூலியும் பதிவாகின்றன. துணி திரும்பி வந்த அன்றே செலவு அந்த ஆர்டரில் ஏறுகிறது.

மென்பொருள் ஓடத் தொடங்கிய பிறகு முழுமையாக முடிந்த ஐந்து ஆர்டர்களைப் பார்த்தோம். வழக்கமாக 5 நாள். ஒன்றுக்கு மட்டும் 12 நாள், விமானச் சரக்கு பில் தாமதம். இதே வருடம் அவர்கள் சாயப்பட்டறைகளின் எண்ணிக்கையையும் குறைத்தார்கள், அதுவும் உதவியது.

முதல் இரண்டு மாதம் ஸ்டோரில் நோட்டிலும் கம்ப்யூட்டரிலும் இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது.

"அடுத்த ஆர்டருக்கு வெல சொல்றப்ப போன ஆர்டர் கணக்கு கையில இருக்குதுங்க." — நிர்வாகப் பங்குதாரர்'

சுமார் நூறு சொல்தான். முதல் வரி படிப்பவரையே கேட்கிறது. லிங்க்ட்இன்னில் நீளமான செய்தி மடிந்து, முதல் சில வரிகள்தான் தெரியும் என்பதால் சந்தேகம் முதலிலேயே வந்துவிட வேண்டும். மென்பொருளின் பெயரை உள்ளே எங்கும் சொல்லவில்லை, அனுப்புகிற கணக்கின் பெயரே அதைச் சொல்லிவிடும். ஐந்து ஆர்டர்தான் பார்த்தோம் என்று சொல்லியிருக்கிறோம். ஐந்து என்பது சின்ன எண்தான், ஆனால் சின்ன எண்ணை வெளிப்படையாகச் சொல்வது பெரிய எண்ணை மழுப்பிச் சொல்வதைவிட மேல். இரண்டு மாதக் கஷ்டத்தைச் சொன்ன வரியை நீக்கச் சொல்லி உள்ளேயிருந்து நிச்சயம் ஒரு குரல் வரும். அதை நீக்கக் கூடாது. வாங்கப் போகிறவருக்குக் கஷ்டம் இருக்கும் என்று தெரியும். அது எத்தனை நாள் நீடிக்கும், யார் மேல் விழும் என்பதுதான் தெரியாது.

அந்தக் கஷ்டத்தையே மையமாக வைத்து ஃபேக்டரி மேனேஜருக்கு இரண்டாவது பதிவு எழுதலாம். டி.சி. என்ட்ரி போட யாரை உட்காரவைத்தார்கள், ஒரு டி.சி.க்கு எத்தனை நிமிடம், மாலையில் நான்கு வண்டி ஒரே நேரத்தில் வந்து நின்றபோது என்ன செய்தார்கள், நோட்டை எந்த மாதம் நிறுத்தினார்கள் என்பது போதும். அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கான மூன்றாவது பதிவு டேலியைப் பற்றியது. பழைய கணக்கிலிருந்து எதையெல்லாம் புதியதற்குக் கொண்டுவந்தார்கள், எதை அங்கேயே விட்டுவைத்தார்கள், இரண்டையும் எத்தனை மாதம் சேர்த்து ஓட்டினார்கள் என்று சொல்ல வேண்டும். பல இடங்களில் நிதிக்கணக்கு டேலியிலேயே தொடர்கிறது, புதிய மென்பொருளிலிருந்து பதிவுகள் மட்டும் அங்கே போகின்றன. அப்படியானால் அதையும் சொல்லிவிட வேண்டும். தன் கையிலிருக்கும் வேலை பறிபோகும் என்று பயப்படும் ஒருவருக்கு அந்த ஒரு வரி பெரிய நிம்மதி.

ஆடிட்டருக்கான நான்காவது பதிவில்தான் அதிக எச்சரிக்கை வேண்டும், சட்டம் வருகிறது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய நூலோ துணியோ ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி. அப்படி அனுப்பியதையும் வந்ததையும் ITC-04 படிவத்தில் காட்ட வேண்டும். திரும்பாத டி.சி.க்களின் பட்டியல் ஒரே இடத்தில் கிடைக்கிறது என்றால் ஆடிட்டருக்கு அதன் அருமை உடனே விளங்கும். ஆனால் 'எடிட் லாக்' விஷயத்தில் பலர் தவறி எழுதுகிறார்கள். கணக்குப் பதிவில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வரும் விதி. திருப்பூரில் பல நிறுவனங்கள் பார்ட்னர்ஷிப், அவற்றைப் பேச்சில்தான் கம்பெனி என்கிறோம். பார்ட்னர்ஷிப் நிறுவனம் ஒன்றின் பதிவில் 'இது சட்டப்படி கட்டாயம்' என்று எழுதினால் ஆடிட்டர் முதல் வரியிலேயே கீழே வைத்துவிடுவார். இந்தப் பதிவை வெளியிடும் முன் வாடிக்கையாளரின் ஆடிட்டரிடமே ஒருமுறை காட்டுவது நல்லது.

பெயர் போடலாமா?

எழுதி முடித்த பதிவு மாதக்கணக்கில் தூங்குவது ஒப்புதலுக்காக. வாய்மொழியாகச் சரி என்பார்கள். வெளியிடப் போகும்போது பங்குதாரரில் ஒருவர் வேண்டாம் என்பார். ஏற்றுமதியில் இதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. எந்த பிராண்டுக்குத் தைக்கிறோம் என்று வெளியே சொல்லக் கூடாது என்று வெளிநாட்டு வாடிக்கையாளருடன் ஒப்பந்தம் இருக்கலாம். பக்கத்துத் தெருப் போட்டியாளர் படித்துவிட்டு, இவர்கள் லாபம் இவ்வளவா என்று கணக்குப் போடலாம். ஆகவே ஒப்புதலை ஒரே கேள்வியாகக் கேட்காமல் பிரித்துக் கேட்பது நடைமுறைக்கு ஏற்றது. நிறுவனத்தின் பெயர், லோகோ, பேசியவரின் பெயர், எண்கள், புகைப்படம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சரியா இல்லையா என்று மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளலாம். லோகோ வேண்டாம் என்பவர் எண்களுக்குச் சரி என்பார். எழுதிய பதிவை அவர்களுக்கு அனுப்பும்போது, பேட்டியில் சொன்னவரின் வாசகத்தை அழகுபடுத்தாமல் அவர் சொன்னபடியே அனுப்ப வேண்டும். நாம் எழுதி அவர் வாயில் வைத்த வாக்கியம் எல்லாப் பாராட்டுகளையும் போலவே ஒலிக்கும், அவரைத் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெயர் இல்லாத பதிவுக்கு மதிப்பு குறைவு என்பது உண்மைதான். ஆனால் மெஷின் எண்ணிக்கை, வெளியே தரும் வேலைகள், ஓடத் தொடங்கிய மாதம் இவற்றைச் சரியாகச் சொன்னால் 'நம்மைப் போல ஒரு கம்பெனி' என்று படிப்பவர் உணர்வார். எதிர்ப்பக்கம் ஓர் ஆபத்தும் உண்டு. விவரம் கூடிவிட்டால் ஊரில் எல்லோரும் அது யாரென்று சொல்லிவிடுவார்கள். குழந்தைகள் உடை மட்டும் செய்து, ஸ்பெயினுக்கு மட்டும் அனுப்புகிற, சொந்தப் பிரின்டிங் யூனிட் உள்ள நிறுவனம் என்று எழுதினால் பெயர் போட்டதற்குச் சமம். ஆகவே பெயர் இல்லாத பதிவையும் அந்த வாடிக்கையாளரிடம் காட்டித்தான் வெளியிட வேண்டும்.

பதிவுக்காக ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தில் தள்ளுபடி தருவதும் நடக்கிறது. தந்தால் அதைச் சொல்ல வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த விளம்பர வழிகாட்டுதல்கள், ஒரு பொருளைப் பரிந்துரைப்பவரின் கருத்து அவருடைய உண்மையான அனுபவத்திலிருந்து வர வேண்டும், அவருக்கும் விற்பவருக்கும் இடையே பணத் தொடர்பு இருந்தால் வெளிப்படுத்த வேண்டும் என்கின்றன. அவை பொது நுகர்வோரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆனால் பல லட்சம் போட்டு மென்பொருள் வாங்கும் ஒருவருக்கு அதைவிடக் குறைந்த நேர்மையைத் தர எந்த நியாயமும் இல்லை. என்னைக் கேட்டால் தள்ளுபடி பேச்சே வேண்டாம். ஒப்புக்கொண்டவரிடம் மாதத்துக்கு ஒன்றிரண்டு ரெஃபரன்ஸ் போனுக்கு மேல் வராது என்று உறுதி கொடுத்துக் காப்பாற்றினால் அதுவே பெரிய கைம்மாறு.

பதிவு போட்டதும் விற்பனை கூடியதா என்று அடுத்த மாதமே கேட்பவர்கள் உண்டு. ஒரு வருடம் ஓடும் விற்பனையில் இன்று போட்ட ஒரு பதிவுக்கு இன்ன ஆர்டர் வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அப்படிச் சொல்லும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை. பார்க்கக்கூடிய அடையாளங்கள் வேறு. விற்பனையாளர் தாமாகவே அந்தப் பதிவை எடுத்து அனுப்புகிறாரா? அவர் பயன்படுத்தாத பதிவு எத்தனை லைக் வாங்கினாலும் உதவாது. டெமோவில் 'டேலியில இருக்கறது என்னாகுங்க?' என்ற கேள்வி முன்பு முதல் கேள்வியாக வந்து, இப்போது 'அவங்க மாதிரி நாங்களும் நிதிக்கணக்க டேலியிலயே வெச்சுக்கலாமா?' என்று வருகிறதா? அப்படியானால் பதிவு அக்கவுண்ட்ஸ் அறைக்குள் போயிருக்கிறது. இதைப் பிடிக்க விற்பனைப் பதிவேட்டில் ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயருக்கு எதிரிலும் எந்தப் பதிவு, யாருக்கு, எந்தக் கட்டத்தில் போனது என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும். கொட்டேஷன் போன பிறகு இரண்டு மாதம் சத்தமில்லாமல் இருக்கும் இடத்தில், முதலாளிக்கான பதிவை மறுபடி அனுப்புவதைவிட ஆடிட்டருக்கான பதிவை அனுப்பிப் பார்க்கலாம் என்பது இந்தக் குறிப்புகளிலிருந்துதான் தெரியவரும்.

ஒவ்வொரு பதிவின் அடியிலும் எண்கள் எந்த மாதம் எடுத்தவை என்று இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை அந்த வாடிக்கையாளரை அழைத்து, அந்த எண் இன்னும் அப்படியே நிற்கிறதா என்று கேட்க வேண்டும். 5 நாள் 9 நாளாகியிருந்தால் திருத்திவிட்டு, ஏன் என்று உள்ளே விசாரிக்க வேண்டும். பேசியவர் வேலையை விட்டுப் போயிருந்தால் அவர் பெயரை எடுத்துவிட வேண்டும். வாடிக்கையாளரே மென்பொருளை விட்டுப் போய்விட்டால் அன்றே நான்கு பதிவுகளையும் இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் வாங்கப்போகும் ஒருவர் விசாரிக்க அந்த எண்ணுக்கே போன் செய்வார், எதிர்முனையில் 'நாங்க அதை நிறுத்தி ஆறு மாசம் ஆச்சுங்களே' என்பார்கள்.